ஒரு பெயர், ஐந்து பொருள்: பெயர்ப் பட்டியல் தளங்களை எவ்வளவு நம்பலாம்?



பிள்ளை பிறந்த வீட்டில் பெயர் தேடும் வேலை இன்று பெரும்பாலும் கைப்பேசியில்தான் தொடங்குகிறது. சோதிடர் நட்சத்திர பாதத்துக்குரிய எழுத்தைக் குறித்துக் கொடுத்திருப்பார். அந்த எழுத்தில் தொடங்கும் பெயர்களை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பொருளையும் போட்டுத் தரும் தளங்கள் ஏராளமாக இருக்கின்றன. பிடித்த பெயரை இன்னொரு தளத்தில் சரிபார்க்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. முதல் தளம் சொன்ன பொருள் இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் இரண்டையும் சேராத வேறொன்று இருக்கிறது. இந்த இடத்தில் பலரும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். மனத்துக்கு இனிய பொருளை எடுத்துக்கொள்கிறார்கள். அல்லது அதிகமான தளங்கள் எதைச் சொல்கின்றனவோ அதை ஏற்கிறார்கள். இரண்டும் தவறான வழிகள் என்பதைக் காட்டுவதே இந்தச் சொற்பொழிவின் நோக்கம். தளங்கள் முரண்படும்போது, எந்தத் தளம் சரி என்று கேட்பதற்கு முன்னால், இவை ஒவ்வொன்றும் எந்தச் சொல்லைப் பற்றிப் பேசுகின்றன என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல உதவும் தளம் நம்பத் தகுந்தது. விடையை மறைக்கும் தளம், தற்செயலாகச் சரியான பொருளையே தந்திருந்தாலும், நம்பத் தகுந்ததல்ல.

பொதுவாகப் பேசினால் இது விளங்காது. ஆகவே ஒரே ஒரு பெயரை எடுத்துக்கொண்டு அதன் வேர்வரை போய்ப் பார்ப்போம். ஆதிரா என்ற பெயர் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பெண் குழந்தைகளுக்கு வைக்கப்படுவது. ஆங்கில எழுத்தில் இதை Aadhira, Adhira, Adira, Athira என்று பலவாறு எழுதுகிறார்கள். பெயர்ப் பட்டியல்களில் இந்த எழுத்துக்கூட்டுகளுக்கு எதிரே காணப்படும் பொருள்கள் ஐந்து: நட்சத்திரம், மின்னல், வேகம், வலிமை, நிலவு. ஒரே பெயருக்கு இத்தனை பொருளா என்று வியப்பவர்கள், சமஸ்கிருதம் போன்ற பழைய மொழிகளில் ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டு என்று சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு. ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது உண்மைதான். ஆனால் இங்கே நடந்திருப்பது அதுவல்ல. இங்கே இருப்பவை வெவ்வேறு சொற்கள். அவை ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டுக்குள் வந்து விழுந்திருக்கின்றன.

முதலில் நட்சத்திரம் என்ற பொருளைப் பார்ப்போம். இருபத்தேழு நட்சத்திரங்களில் ஆறாவது திருவாதிரை. அதன் பழைய பெயர் ஆதிரை, சமஸ்கிருதத்தில் ஆர்த்ரா. ஈரமானது, பசுமையானது என்பது அந்தச் சமஸ்கிருதச் சொல்லின் நேர்ப்பொருள். வானியலார் ஓரியன் என்று அழைக்கும் விண்மீன் கூட்டத்தில் செந்நிறமாக ஒளிரும் திருவாதிரை விண்மீனை இது குறிக்கிறது. ஆர்த்ரா என்பது தமிழில் ஆதிரை ஆனதற்கு ஒலி மரபு துணை நிற்கிறது. சீதா சீதை ஆனது போல, மாலா மாலை ஆனது போல, இறுதி ஆகாரம் ஐகாரமாகிறது. நடுவில் நெருங்கி நிற்கும் மெய்கள் குறைந்து இடையே இகரம் புகுகிறது. இதற்கு இலக்கியச் சான்றும் இருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தில் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் சாதுவனின் மனைவி ஆதிரை. ஆக இது பெண்ணின் பெயராகவே தமிழில் பல நூற்றாண்டுகளாக அறியப்பட்டது. மலையாளத்தில் அதே நட்சத்திரம் ஆதிர என்றாகி, பெண்களின் பெயராக இன்றும் பரவலாக வழங்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் ஆதிரை என்ற தலைச்சொல்லைப் புரட்டினால், நட்சத்திரம் என்ற பொருளையும் வடமொழி மூலத்தையும் அங்கேயே பார்க்கலாம். சொல், மொழி, பழைய வழக்கு, அகராதிப் பதிவு ஆகிய நான்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

இப்போது மின்னலுக்கு வருவோம். இதுவும் இட்டுக்கட்டியதல்ல, ஆனால் இது வேறு சொல். சமஸ்கிருதத்தில் தீர என்றால் உறுதியான, கலங்காத, துணிவுள்ள என்று பொருள். அதன் எதிர்ச்சொல் அதீர. இதன் பெண்பால் வடிவம் அதீரா. முதலெழுத்து குறில், இரண்டாம் எழுத்து நெடில் என்பதைக் கவனியுங்கள். ஆதிராவில் இது நேர்மாறாக இருக்கிறது. 2022-இல் வந்த கேஜிஎஃப் படத்தின் இரண்டாம் பாகத்தில் வில்லனுடைய பெயரைக் கேட்டவர்களுக்கு இந்த ஒலி நினைவிருக்கும். மோனியர் வில்லியம்ஸ் தொகுத்த சமஸ்கிருத அகராதியின் 1899-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் அதீர என்ற சொல்லைப் பார்த்தால், பதற்றமுள்ள, நிலையற்ற, மன உறுதி இல்லாத, அறிவில் குறைந்த என்ற பொருள்கள் முதலில் வருகின்றன. பெண்பாலில் அதீரா என்பதற்கு மின்னல் என்ற பொருளும் தரப்பட்டிருக்கிறது. நிலையாக நில்லாமல் துடித்து மறைவதால் மின்னலுக்கு அப்பெயர் பொருந்தியிருக்கலாம். அத்துடன், சண்டைக்காரியான நாயகி என்ற பொருளும் அதே இடத்தில் உண்டு. சமஸ்கிருத அணியிலக்கண நூல்கள் நாயகியரைத் தீரா, அதீரா, தீராதீரா என்று பிரிக்கும்போது, தலைவன் தவறு செய்துவிட்டு வந்தால் கடுஞ்சொல்லால் நேராகவே ஏசுபவளை அதீரா என்கின்றன.

இங்கேதான் பட்டியல் தளங்களின் செயல்முறை வெளிப்படுகிறது. அகராதி தரும் பொருள்களில் கலக்கமும் உறுதியின்மையும் முதன்மையானவை; மின்னல் அவற்றிலிருந்து கிளைத்தது. பட்டியலுக்கு வரும்போது முதன்மையானவை உதிர்ந்துவிட்டன; அழகான கிளைப்பொருள் மட்டும் தங்கியிருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையின் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, அதுவே முழுப் பொருள் என்று வைத்திருக்கிறார்கள். இந்தத் தேர்வு இந்த ஒரு பெயரோடு நிற்பதல்ல. ஒரு தளத்தில் எந்தப் பெயருக்குமே விரும்பத்தகாத பொருள் இல்லை என்றால், அங்கே அகராதி வடிகட்டப்பட்டிருக்கிறது என்று அறியலாம். உலக மொழிகளில் பெயர்கள் எல்லாமே இனிய பொருளில் பிறந்தவை அல்ல. நம் ஊரிலேயே, அடுத்தடுத்து குழந்தைகளை இழந்த பெற்றோர் கண்ணேறு படாதிருக்கக் குப்பன், பிச்சை என்று பெயரிட்டார்கள். அத்தகைய பெயர்களை ஒரு தளம் எப்படி விளக்குகிறது என்று பார்த்தால், அது பொருளைச் சொல்லும் தளமா, இனிப்பை மட்டும் பரிமாறும் தளமா என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது பொருளான வேகத்துக்குச் சொல் எதுவும் தேவைப்படவில்லை. மின்னலைப் பற்றி யாரோ எழுதிய விளக்கத்திலிருந்து அது வந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஒருவர் மின்னல் என்று எழுதுகிறார். அடுத்தவர் மின்னல் போல் விரைவானவள் என்று அழகுபடுத்துகிறார். மூன்றாமவர் விரைவானவள் என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறார். இப்படி ஒவ்வொரு கையிலும் பொருள் ஓர் அடி நகர்கிறது. நான்காவது பொருளான வலிமையின் கதை வேறு. எபிரேய மொழியில் அதீர் என்றால் வலிமை மிக்க, மாட்சிமை பொருந்திய என்று பொருள். பைபிளின் எட்டாம் சங்கீதம் இறைவனுடைய பெயரின் மாட்சியைச் சொல்லும் இடத்தில் இந்த அடைமொழியைக் காணலாம். இதன் பெண்பால் அதீரா. ஆங்கில எழுத்தில் Adira. யூதப் பெண்கள் சூடும் பெயர் இது. இப்பெயருக்கு வலிமை என்று ஒரு தளம் எழுதி, அதன் கீழேயே எபிரேயம் என்றும் குறித்திருந்தால் அது சரியான பதிவு. அதே வலிமையைச் சமஸ்கிருதம் என்ற தலைப்பின் கீழ் எழுதியிருந்தால் அது தவறு. அதுவும் தலைகீழான தவறு. ஏனென்றால் சமஸ்கிருத அதீரா உறுதி இல்லாதவள். எபிரேய அதீரா வலிமை மிக்கவள். எழுத்துக்கூட்டு ஒன்றுதான், பொருளோ எதிரெதிர்.

ஐந்தாவது, நிலவு. தமிழ்ப் பேரகராதியிலும் மோனியர் வில்லியம்ஸ் அகராதியிலும் மேற்சொன்ன சொற்களுக்கு இந்தப் பொருள் கிடையாது. மார்கழித் திருவாதிரை முழுநிலவு நாளையொட்டி வருவதால் யாரோ அப்படி இணைத்திருக்கலாம் என்று ஊகிக்க முடியும். நட்சத்திரம் என்பதை யாரோ பொதுவாக வானத்து ஒளி என்று எடுத்துக்கொண்டு நிலவு என்று எழுதியிருக்கவும் கூடும். ஆனால் ஒரு தவறு எப்படி வந்திருக்கும் என்று விளக்கிவிட்டால், அந்தத் தவறு சரியாகிவிடாது. ஊகம் எவ்வளவு பொருத்தமாகத் தோன்றினாலும், வழக்கில் ஓர் எடுத்துக்காட்டாவது கிடைக்காதவரை அதை ஆதாரமாகக் கொள்ள முடியாது.

இந்தக் கலப்பு ஏன் நேர்கிறது என்று பார்க்க வேண்டும். காரணம் ஆங்கில எழுத்துக்கூட்டில் இருக்கிறது. தமிழ்நாட்டில் சொல்லின் நடுவே மென்மையாக ஒலிக்கும் தகரத்தை ஆங்கிலத்தில் dh என்று எழுதும் வழக்கம் உண்டு. நந்தினியை Nandhini என்று எழுதுபவர்கள் பலர். கேரளத்தில் அதே தகரத்தை th என்று எழுதுகிறார்கள்; அதனால் அங்கே Athira. வடநாட்டிலோ dh என்பது மூச்சுக்காற்றோடு அழுத்தி ஒலிக்கும் வேறோர் எழுத்துக்கு உரியது. அதீர என்ற சொல்லில் இருப்பது அந்த எழுத்துதான். தமிழ்ப் பெற்றோர் ஆதிரா என்று நினைத்து Aadhira என்று எழுதுகிறார்கள். இந்தி அறிந்த தொகுப்பாளர் அதைப் படித்து அதீராவை அகராதியில் தேடுகிறார். இதற்கு மேல் உயிரெழுத்தின் குறில் நெடில் வேறுபாடு ஆங்கில எழுத்தில் பெரும்பாலும் காணாமல் போகிறது. ஒரு a போட்டால் அது அகரமா ஆகாரமா என்று தெரியாது. ஒரு i போட்டால் இகரமா ஈகாரமா என்று தெரியாது. நான்கு மொழிகளின் சொற்கள் ஒரே கூட்டில் குவிய இவ்வளவு போதும். ஆங்கில எழுத்துக்கூட்டைத் தலைப்பாக வைத்துக்கொண்டு, அதற்குக் கிடைத்த பொருள்களையெல்லாம் கீழே சேர்த்துவைக்கும் எந்தத் தளத்திலும் இந்தத் தவறு தவிர்க்க முடியாதது. அது தொகுப்பாளரின் கவனக் குறைவால் வருவதல்ல; அமைப்பிலேயே இருக்கும் குறை.

தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் எல்லாம் தெளிந்துவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. நம் தகரம் நான்கு வடமொழி எழுத்துகளுக்கு இடம் தருகிறது. அதிரா என்று முதலெழுத்தைக் குறிலாக எழுதினால், தமிழ் இலக்கணப்படியே அதற்கு ஒரு பொருள் வருகிறது. அதிர்தல் என்றால் நடுங்குதல். அதிரா நெஞ்சம் என்றால் நடுங்காத நெஞ்சம். ஓயா அலை, வாடா மலர் என்பன போல இதுவும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இதை வைத்து, ஆதிராவுக்கு அஞ்சாதவள் என்று ஆறாவது பொருளை ஒருவர் கொடுத்துவிடலாம், கேட்பவர்களும் மகிழ்வார்கள். ஆனால் ஒரு சொல்லை இப்படிப் பிரிக்க முடியும் என்பதும், அந்தப் பெயர் அப்படித்தான் பிறந்தது என்பதும் ஒன்றல்ல. பிறந்தது என்று சொல்ல வேண்டுமானால், யாராவது எங்காவது அந்தப் பொருளில் அந்தப் பெயரை வழங்கியதற்குச் சான்று வேண்டும். இணையத்தில் காணப்படும் பெயர் விளக்கங்களில் பல இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. இலக்கணம் அனுமதிப்பதை வரலாறு நிகழ்த்தியதாகச் சொல்லிவிடுகின்றன.

இனி, அதிகமான தளங்கள் ஒத்துச் சொன்னால் அது சரியாக இருக்குமே என்ற வாதத்துக்கு வருவோம். இது எளிதில் தள்ளிவிட முடியாத வாதம். பத்துச் சாட்சிகள் ஒன்றையே சொன்னால் நாம் நம்புகிறோம், அது நியாயமும்கூட. ஆனால் அந்தப் பத்துப் பேரும் தனித்தனியே பார்த்தவர்களாக இருக்க வேண்டும். ஒருவர் பார்த்ததை ஒன்பது பேர் கேட்டுச் சொன்னால் சாட்சி ஒன்றுதான். இந்த வேறுபாட்டைக் கண்டறியும் முறை நமக்குப் புதியதல்ல. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் அன்றாடம் கையாண்ட முறை இது. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1898-இல் மணிமேகலையையும் வெளியிட்டபோது, பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்தார். சுவடி ஒப்பீட்டில் ஓர் அடிப்படை உண்டு. இரண்டு ஏடுகள் சரியான பாடத்தில் ஒத்திருந்தால் அவற்றுக்கிடையே உறவு உண்டா என்று சொல்ல முடியாது. மூலத்திலேயே அப்படி இருந்திருக்கும். ஆனால் இரண்டும் ஒரே விசித்திரமான பிழையில் ஒத்திருந்தால், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது, அல்லது இரண்டுக்கும் தாய் ஏடு ஒன்று என்று முடிவு செய்யலாம். ஒரே பிழையை இருவர் தனித்தனியே செய்வது அரிது.

இதையே பெயர்த் தளங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். ஆதிரா என்றால் நட்சத்திரம் என்று இரண்டு தளங்கள் சொன்னால், ஒவ்வொன்றும் தனியே அகராதியைப் பார்த்திருக்கலாம். நிலவு என்று இரண்டு தளங்கள் சொன்னால், அகராதியில் இல்லாத ஒன்றை இரண்டும் தனித்தனியே கண்டெடுத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒன்றைப் பார்த்து ஒன்று எடுத்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். சொல் வரிசையும் இதைக் காட்டிக்கொடுக்கும். மின்னல், வேகம், வலிமை, நிலவு என்ற அதே வரிசை, அதே எழுத்துப் பிழை, அதே இடத்தில் அரைகுறையாக நிற்கும் வாக்கியம் ஆகியவை மூன்று தளங்களில் காணப்பட்டால், அவை மூன்று சாட்சிகள் அல்ல. ஒரு சாட்சியின் மூன்று படிகள். ஆகவே எத்தனை தளங்கள் என்று எண்ணுவதில் பயனில்லை. எத்தனை மூலங்கள் என்று எண்ண வேண்டும். ஐம்பது தளங்களை விட, தன் சான்றைக் காட்டும் ஓர் அகராதிப் பதிவு கனமானது.

அகராதிகளும் மனிதர்கள் தொகுத்தவைதானே, அவற்றிலும் பிழை இருக்காதா என்று கேட்கலாம். இருக்கும். நாம் அகராதியை மதிப்பது அது பிழையற்றது என்பதற்காக அல்ல. அதன் பிழையைக் கண்டுபிடிக்க வழி வைத்திருக்கிறது என்பதற்காக. தமிழ்ப் பேரகராதி பொருளைச் சொல்லிவிட்டு, அது எந்த நூலில் வந்தது என்றும் சுட்டுகிறது. சந்தேகப்படுபவர் அந்த நூலை எடுத்துப் பார்க்கலாம். மோனியர் வில்லியம்ஸ், நூல்களில் எடுத்தாளப்பட்டதற்குச் சான்று கிடைக்காமல் பழைய நிகண்டுகளில் மட்டும் காணப்படும் பொருள்களுக்கு L. என்ற குறியை இடுகிறார்; இது உறுதி குறைந்தது என்று வாசகருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். பட்டியல் தளங்களில் பெரும்பாலும் இல்லாதது இந்த நேர்மைதான். அங்கே ஆயிரம் ஆண்டு வழக்குள்ள பொருளும் போன மாதம் யாரோ சேர்த்த பொருளும் ஒரே எழுத்துருவில், ஒரே உறுதியோடு நிற்கின்றன. நல்ல வேளையாக, மேற்சொன்ன இரண்டு அகராதிகளும் இன்று இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அகராதித் தொகுப்பிலும், மோனியர் வில்லியம்ஸைக் கொலோன் பல்கலைக்கழகத்தின் தொகுப்பிலும் தேடலாம்.

எல்லா முரண்பாடும் தளங்களின் குற்றம் என்று நான் சொல்லவில்லை. சில பெயர்களில் அறிஞர்களுக்கே கருத்து வேறுபாடு உண்டு. மேரி என்ற பெயரின் மூலமான எபிரேய மிரியாம் என்பதற்குக் கசப்பு, கலகம், எகிப்திய மொழி வழியாக அன்புக்குரியவள் என்றெல்லாம் பொருள் சொல்லியிருக்கிறார்கள்; இன்றுவரை முடிவு எட்டப்படவில்லை. இப்படிப்பட்ட பெயருக்கு மூன்று கருத்துகளைச் சொல்லி, உறுதியில்லை என்று எழுதும் தளமே சரியானது. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லும் தளம் தெளிவாகத் தோன்றினாலும் நம்மைத் தவறாக வழிநடத்துகிறது. ஆக முரண்பாடுகளை மூன்றாகப் பிரிக்கலாம். வெவ்வேறு சொற்கள் ஒரே எழுத்துக்கூட்டில் விழுந்ததால் வருவது ஒன்று. அங்கே சொல்லைப் பிரித்தெடுத்தால் முரண்பாடு மறைந்துவிடும். ஒரே சொல்லைப் பற்றி அறிஞர்கள் உண்மையிலேயே வேறுபடுவது இரண்டாவது. அங்கே வேறுபாட்டை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆதாரமே இல்லாத ஒரு பொருள் படியெடுப்பால் பரவுவது மூன்றாவது. அதைத் தள்ளிவிட வேண்டும். ஆதிராவில் நட்சத்திரம், மின்னல், வலிமை மூன்றும் முதல் வகை. நிலவு மூன்றாம் வகை. வேகம், முதல் வகையிலிருந்து நழுவி மூன்றாவதில் விழுந்தது.

மேரியின் பெயரே இன்னொரு ஆட்சேபத்தையும் நம் முன் வைக்கிறது. பலர் நம்பி வழங்கினால் தவறான பொருளும் காலப்போக்கில் உண்மையான பொருளாகிவிடாதா? ஆகலாம். புனித ஜெரோம் இந்தப் பெயருக்குக் கடலின் துளி என்ற பொருளில் ஸ்தில்லா மாரிஸ் என்று இலத்தீனில் எழுதினார் என்றும், படியெடுத்தவர்கள் ஓர் எழுத்தை மாற்றி ஸ்தெல்லா மாரிஸ் ஆக்கியதால் அது கடலின் விண்மீன் ஆயிற்று என்றும் ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அந்த விண்மீன் பிறகு நூற்றாண்டுக்கணக்கில் பாடலிலும் வழிபாட்டிலும் கோயிற் பெயரிலும் வேரூன்றிவிட்டது. இன்று அதைத் தவறு என்று ஒதுக்க முடியாது. அது அன்னை மரியாளுக்கு ஒரு சமூகம் கொடுத்த பட்டம். ஆனால் இரண்டு கூற்றுகளை வேறுபடுத்த வேண்டும். அன்னையைக் கடலின் விண்மீன் என்று மக்கள் அழைக்கிறார்கள் என்பது வழக்கைப் பற்றிய கூற்று; அது உண்மை. எபிரேய மொழியில் மிரியாம் என்றால் கடலின் விண்மீன் என்பது மொழியைப் பற்றிய கூற்று, அது தவறு. ஆதிரா என்றால் சமஸ்கிருதத்தில் நிலவு என்று ஒரு தளம் எழுதும்போது, அது இரண்டாம் வகைக் கூற்றைச் செய்கிறது. அதைச் சோதிக்க நமக்கு உரிமை உண்டு; அது சோதனையில் தோற்கிறது.

பெற்றோர் என்ன நினைத்து வைக்கிறார்களோ அதுதான் பொருள், அகராதி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. தாய் தந்தை பெயர்களின் எழுத்துகளைக் கூட்டி ஒரு பெயரை உண்டாக்கினால், அந்தப் பெயருக்கு எந்த அகராதியும் பொருள் சொல்ல முடியாது; அவர்கள் எண்ணமே அதன் பொருள். அத்தகைய பெயருக்கும் ஒரு பட்டியல் பழைய மொழிப்பொருள் ஒன்றைச் சூட்டுமானால், அந்தப் பட்டியலின் தரம் அதிலேயே தெரிந்துவிடும். ஆனால் பெற்றோர் பொருளைத் தேடித்தான் தளத்துக்குப் போகிறார்கள். நிலவு என்று படித்ததால்தான் பெயர் பிடித்தது என்றால், அவர்களுடைய எண்ணமே அந்தத் தவறான தகவலின் மேல் கட்டப்பட்டது. எண்ணத்தை மதிப்பவர்கள், அது சரியான தகவலின் மேல் உருவாக வேண்டும் என்றுதான் விரும்ப வேண்டும். நாளை அந்தப் பெண் வளர்ந்து மலையாளம் அறிந்தவரோடும், சமஸ்கிருதம் படித்தவரோடும், எபிரேயம் பேசுபவரோடும் பழகும்போது தன் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். அவள் சொல்வது நிற்கக்கூடியதாக இருக்க வேண்டாமா?

ஆகவே ஒரு தளத்தைச் சோதிக்க வேண்டுமானால், தெரியாத பெயரிலிருந்து தொடங்காதீர்கள். தெரிந்த பெயரிலிருந்து தொடங்குங்கள். Nila என்ற பெயரைத் தேடிப் பாருங்கள். நிலா என்றால் சந்திரன் என்றும், நீலா என்றால் நீல நிறத்தவள் என்றும் தமிழ் அறிந்த எவருக்கும் தெரியும். தளம் இரண்டையும் தனித்தனிப் பதிவாக, தமிழ் என்றும் சமஸ்கிருதம் என்றும் மொழியைக் குறித்துப் பிரித்திருக்கிறதா, அல்லது சந்திரன், நீலம் என்று ஒரே வரியில் கோத்துவைத்திருக்கிறதா என்று பார்த்தால், அது எப்படி வேலை செய்கிறது என்பது விளங்கிவிடும். பிறகு உங்கள் பெயருக்கு வாருங்கள். மூல எழுத்தில் பெயர் தரப்பட்டிருக்கிறதா? எந்த மொழி என்று சொல்லியிருக்கிறதா? இந்தியப் பெயர் என்பது மொழியாகாது. இந்து என்பதும் மொழியாகாது. எந்த நூலில், எந்தக் காலத்தில் வழங்கியது என்று ஏதேனும் குறிப்பு உண்டா? உறுதியில்லாத இடத்தில் உறுதியில்லை என்று எங்காவது எழுதியிருக்கிறதா? அதே பக்கத்தில் அதிர்ஷ்ட எண்ணும் நிறமும் குணநலனும் எல்லாப் பெயர்களுக்கும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருந்தால், பொருளும் அப்படியே வார்க்கப்பட்டிருக்கலாம் என்ற எச்சரிக்கை வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறப்பைப் பதிவு செய்த பின், குழந்தையின் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கப் பன்னிரண்டு மாதம் அவகாசம் உண்டு. ஒரு பெயரை அகராதியில் சரிபார்க்க ஒரு மாலைப் பொழுது போதும். அந்த மாலையில் செய்ய வேண்டிய முதல் வேலை, பெயரைத் தமிழில் குறில் நெடில் பிறழாமல் எழுதி வைப்பது. ஆங்கில எழுத்துக்கூட்டை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள். எழுத்துக்கூட்டை எண் கணிதத்துக்காகக் கூட்டிக் குறைப்பவர்கள், ஓர் எழுத்து மாறும்போது தங்கள் பெயர் வேறு மொழிச் சொல்லோடு போய்ச் சேரக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

முடிவாக, பெயர்ப் பட்டியல் தளங்களை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெயர்களை நினைவூட்டுவதற்கு அவை மிகவும் பயன்படும். ஆதிரை என்ற அருமையான பழம்பெயர் ஒரு பட்டியலில் கண்ணில் பட்டுத்தான் பலருக்கு அறிமுகமாகியிருக்கக் கூடும். பெயரை அவற்றிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். பொருளை அவற்றிடமிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். பொருளுக்குச் சொல்லைத் தேடுங்கள். சொல்லுக்கு மொழியைத் தேடுங்கள். மொழிக்குச் சான்றைத் தேடுங்கள். அப்படித் தேடிய பெற்றோர், எங்கள் மகள் பெயர் ஆதிரா, திருவாதிரை நட்சத்திரத்தின் பழைய பெயரிலிருந்து வந்தது, மணிமேகலையில் அமுதசுரபியில் முதல் அன்னம் இட்டவள் பெயர் என்று தயங்காமல் சொல்லலாம். ஐந்து தளங்கள் சேர்ந்து கொடுத்த ஐந்து பொருளைவிட, சான்றோடு நிற்கும் இந்த ஒரு பொருள் அந்தப் பெயருக்கு நிறைவானது.